நிற்கும் காருக்கும் ஒரு கண்: குடும்பக் காருக்கான டேஷ்கேமைத் தேர்ந்தெடுப்பது எப்படி

ஒரு சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, பிள்ளைகளைத் தமிழ் வகுப்பில் விடுவதற்காக எங்கள் புளோக்கின் பலமாடி கார்ப்பேட்டைக்குச் சென்றேன். காரின் பின்பக்க இடது கதவில் ஒரு சாண் நீளத்துக்குப் பள்ளம் விழுந்து, வெள்ளைச் சாயம் ஒட்டியிருந்தது. முந்தின இரவு ஒன்பது மணிக்கு நிறுத்தியபோது கதவு பழுதில்லாமல்தான் இருந்தது. எனக்குப் பதற்றமில்லை. முன்னும் பின்னும் கேமரா இருக்கிறது, இரவு முழுவதும் ஓடும்படி பேட்டரியிலிருந்து மின்சாரம் கொடுத்திருக்கிறேன், படமும் தெளிவானது. மெமரி கார்டைக் கழற்றி வீட்டுக் கணினியில் போட்டபோதுதான் உண்மை தெரிந்தது. இருந்தவற்றில் மிகப் பழைய காட்சி அதிகாலை 3.50க்குத் தொடங்கியது. அதற்கு முன் நடந்த அனைத்தையும் கேமரா தானே அழித்து, அதன் மேலேயே புதிய காட்சிகளை எழுதிவிட்டது.

கேமரா பழுதாகவில்லை. சொன்னபடிதான் வேலை செய்தது. படத்தின் தரம், சுழல் பதிவு, மின்சாரம் ஆகிய மூன்றையும் தனித்தனியாகப் பார்த்து வாங்கியது என் பிழை. உண்மையில் அவை ஒரே கணக்கின் மூன்று எண்கள். ஒன்றை உயர்த்தினால் மற்றொன்று குறையும். அந்தக் கணக்கைக் கடையில் நிற்கும்போதே போட்டுப் பார்க்க முடியும்.

கணக்கு எளிதானதுதான். முன்கேமரா 1440பி தரத்தில் நொடிக்கு ஏறத்தாழ 20 மெகாபிட் எழுதுகிறது என்று கொள்வோம். பின்கேமரா 1080பி தரத்தில் 12 மெகாபிட். இரண்டும் சேர்ந்து 32 மெகாபிட். எட்டால் வகுத்தால் நொடிக்கு 4 மெகாபைட், அதாவது மணிக்கு 14.4 கிகாபைட். என் காரில் இருந்தது 64 கிகாபைட் கார்டு. அதில் கேமராவுக்குப் பயன்படுவது 60 அளவில்தான். எனவே நான்கு மணி நேரத்தில் கார்டு நிறைந்து, பழைய கோப்புகள் அழியத் தொடங்கும். இரவு ஒன்பது மணிக்கும் காலை எட்டு மணிக்கும் இடையே பதினொரு மணி நேரம் இருக்கிறது. முதல் ஏழு மணி நேரத்தை இழந்தது இப்படித்தான். 128 கிகாபைட் கார்டு என்றால் எட்டரை மணி நேரம் கிடைத்திருக்கும், அதுவும் போதாது. 256 இருந்திருந்தால் ஏறத்தாழ பதினேழு மணி நேரக் காட்சி இருந்திருக்கும், அந்த வெள்ளைக் காரும் அதில் இருந்திருக்கும்.

சுழல் பதிவு என்பதன் பொருள் இவ்வளவுதான். கேமரா ஒரு நிமிடம் அல்லது மூன்று நிமிட அளவுள்ள கோப்புகளாக எழுதிக்கொண்டே போகும். கார்டு நிறைந்ததும் மிகப் பழைய கோப்பை நீக்கிவிட்டு அந்த இடத்தில் எழுதும். பெட்டியின் மேல் எழுதியிருக்கும் 'சுழல் பதிவு உண்டு' என்ற வரியால் ஒன்றும் தெரியாது, ஏனெனில் எல்லாக் கேமராவிலும் அது உண்டு. கேட்க வேண்டிய கேள்வி, ஒரு சுற்று முடிய எத்தனை மணி நேரமாகும் என்பதுதான். முன், பின் இரண்டுக்கும் நொடிக்கு எத்தனை மெகாபிட் என்று கடைக்காரரிடம் கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் கேமராவின் கையேட்டில் இருக்கும். பல கையேடுகள் ஒவ்வொரு கார்டு அளவுக்கும் எத்தனை நிமிடம் பதியும் என்று அட்டவணையாகவே தருகின்றன.

கேமராவுக்குள் அதிர்வை உணரும் ஒரு உணரி இருக்கிறதே, மோதல் நடந்தால் அது அந்தக் கோப்பை அழியாமல் பூட்டிவைக்குமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதைத்தான் நம்பியிருந்தேன். அது இரண்டு விதமாகக் கைவிட்டது. கார்ப்பேட்டையில் மெதுவாகத் திரும்பும் கார் உரசிச் செல்லும்போது ஏற்படும் அதிர்வு மிகச் சிறியது. உணரியின் எல்லையை அது தொடவே இல்லை. மறுபக்கம், எங்கள் கார்ப்பேட்டையில் ஒவ்வொரு தளத்திலும் இருக்கும் வேகத்தடைகளில் ஏறி இறங்கும்போதெல்லாம் கேமரா ஒரு கோப்பைப் பூட்டி வைத்திருந்தது. பூட்டிய கோப்புகளுக்கென ஒதுக்கிய இடம் முழுக்க வேகத்தடைகள்தான்! சில கேமராக்களில் இந்த இடம் நிறைந்தால் பழைய பூட்டுக் கோப்பு அழியும். சிலவற்றில் அவை அழியாமல் சேர்ந்து சேர்ந்து, சுழல் பதிவுக்கான இடத்தையே விழுங்கும். ஆகவே ஓட்டும்போது உணரியின் கூர்மையைக் குறைத்தும், நிறுத்தியிருக்கும்போது கூட்டியும் வைக்க வேண்டும். இரண்டையும் தனித்தனியே அமைக்க முடியாத கேமராவை நான் இனி வாங்க மாட்டேன்.

நீண்ட பயணத்திலும் இதே கணக்கு வரும். பள்ளி விடுமுறையில் கோலாலம்பூருக்குக் காரில் போகும் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். காலையில் உட்லண்ட்ஸ் கடற்பாலத்தின் நெரிசலில் பக்கத்துக் கார் கண்ணாடியைத் தட்டிவிட்டுப் போனால், அந்தக் காட்சி 64 கிகாபைட் கார்டில் மதிய உணவு நேரத்தில் இருக்காது. நடந்த இடத்திலேயே கேமராவின் பூட்டுப் பொத்தானை அழுத்துவதுதான் வழி. அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று காரில் வரும் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஓட்டுபவர் கைகள் அப்போது வேறு வேலையில் இருக்கும்.

இப்போது மின்சாரத்துக்கு வருகிறேன். சிங்கப்பூர்க் குடும்பக் காரைப் பொறுத்தவரை முதலில் தீர்மானிக்க வேண்டியது இதுதான் என்பது என் உறுதியான கருத்து. எங்கள் கார் வேலை நாளில் ஒன்றரை மணி நேரம் ஓடுகிறது, மிச்சம் இருபத்திரண்டரை மணி நேரம் நிற்கிறது. வீட்டருகே கார்ப்பேட்டையிலும், அலுவலகத்தின் நிலத்தடித் தளத்திலும், வார இறுதியில் கடைத்தொகுதியிலும் நெருக்கமான லாட்டுகளில் நிற்கிறது. சாலையில் மோதல் நடந்தால் மோதியவர் அங்கேயே இருப்பார். கார்ப்பேட்டையில் உரசியவரைத்தான் தேட வேண்டியிருக்கிறது. ஆள் கிடைக்காவிட்டால் உங்கள் காப்புறுதியிலேயே இழப்பீடு கோர வேண்டியிருக்கும், பல ஆண்டுகளாகச் சேர்த்த 'கோரிக்கையில்லா' கழிவு குறையக்கூடும்.

சிகரெட் லைட்டர் துளையில் செருகும் கேமரா பெரும்பாலான கார்களில் எஞ்சினை அணைத்ததும் தானும் அணைந்துவிடும். அது ஓடும் காருக்கு மட்டுமே காவல். காரிலுள்ள யுஎஸ்பி துளையை நம்புவது இன்னும் மோசம். அதில் பல நேரம் கிடைப்பது அரை ஆம்பியர்தான், கேமராவுக்கோ ஒன்றரை, இரண்டு ஆம்பியர் வேண்டும். கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்து அணைந்து எரிந்தால் அதுதான் காரணம் என்று கொள்ளலாம்.

மூன்றாவது வழி, காரின் ஃபியூஸ் பெட்டியிலிருந்து கம்பி இழுப்பது. இதில் மூன்று கம்பிகள் உண்டு. ஒன்று எப்போதும் மின்சாரம் இருக்கும் ஃபியூஸில் சேரும். மற்றொன்று காரை இயக்கினால் மட்டும் உயிர்பெறும் ஃபியூஸில் சேரும். மூன்றாவது காரின் உலோக உடலில் இணையும். இரண்டாவது கம்பியில் மின்சாரம் நின்றதும் கார் நின்றுவிட்டது என்று புரிந்துகொண்டு கேமரா பார்க்கிங் மோடுக்கு மாறும். நல்ல பட்டறையில் எந்தக் கம்பியையும் வெட்டாமல், ஃபியூஸின் இடத்தில் செருகும் இணைப்பானைக் கொண்டு இதைச் செய்வார்கள். கார் இன்னும் உத்தரவாதக் காலத்தில் இருந்தால், வெட்டாமல் செய்ய வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்பது அவசியம்.

இங்கேதான் பேட்டரி பற்றிய கவலை வருகிறது. அது நியாயமான கவலைதான். முன், பின் கேமராக்கள் பார்க்கிங் மோடில் 4 வாட் எடுப்பதாகக் கொள்ளலாம். 12 வோல்ட்டில் அது ஏறத்தாழ மூன்றில் ஒரு ஆம்பியர். சிறிய குடும்பக் காரில் 45 ஆம்பியர்-மணி பேட்டரி இருக்கும். அந்த மூன்று கம்பிகளையும் கேமராவோடு சேர்க்கும் இணைப்புப் பெட்டியில் மின்னழுத்த எல்லை ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். பேட்டரி அதற்குக் கீழே இறங்கினால் கேமராவுக்கான மின்சாரம் துண்டிக்கப்படும். 12.2 வோல்ட் என்பது பேட்டரி பாதி காலியானதைக் குறிக்கும். முழுதாகச் சார்ஜ் ஆன புதிய பேட்டரியில் பாதி என்றால் 22 ஆம்பியர்-மணி. கேமரா அதில் 66 மணி நேரம் ஓடும் என்று கணக்கு சொல்கிறது.

நடைமுறையில் அது கிடைப்பதில்லை. நம் ஊர் வெப்பத்தில் இரண்டு ஆண்டு ஆன பேட்டரியின் கொள்ளளவு நன்றாகக் குறைந்திருக்கும். 45இல் 27 மட்டும் மிஞ்சியிருக்கிறது என்று கொள்வோம். குறுகிய பயணங்களால் அதுவும் எண்பது விழுக்காடு வரைதான் நிரம்பியிருக்கிறது. எண்பதிலிருந்து ஐம்பதுக்கு இறங்க 8 ஆம்பியர்-மணிதான் உண்டு. அறுபத்தாறு மணி நேரம் இருபத்து நான்காகச் சுருங்கிவிட்டது. அதோடு, ஒவ்வொரு நாளும் நிற்கும் நேரத்தில் கேமரா 7 ஆம்பியர்-மணிக்கு மேல் எடுக்கிறது. ஈய-அமில பேட்டரி நிரம்ப நிரம்ப மெதுவாகவே மின்சாரத்தை ஏற்கும். ஆகவே ஒன்றரை மணி நேர ஓட்டத்தில் அதைத் திரும்ப நிரப்புவது மிகவும் இறுக்கமான கணக்கு. நிறுத்தமிடத்தில் எஞ்சினை ஓடவிட்டு நிரப்பலாம் என்று நினைக்கக் கூடாது. நிற்கும் காரில் எஞ்சினை ஓடவிடுவது இங்கே குற்றம்.

இந்தச் சரிவைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. இரவுப் பதிவு எந்த நேரத்தில் முடிகிறது என்று மாதம் ஒருமுறை பாருங்கள். முதல் மாதங்களில் காலை வரை போகும். பிறகு நான்கு மணிக்கு நிற்கும், பிறகு இரண்டு மணிக்கு. கேமராவின் அமைப்பை மாற்றாமலேயே அந்த நேரம் முன்னோக்கி வந்துகொண்டிருந்தால் பேட்டரி தளர்கிறது என்று பொருள். காலையில் கார் கிளம்பத் தயங்குவதற்குப் பல வாரங்கள் முன்பே இது தெரிந்துவிடும். எல்லையை 11.8 வோல்ட்டுக்குத் தாழ்த்தினால் பதிவு நேரம் கூடும் என்பது உண்மைதான். ஆனால் அந்த அளவுக்கு அடிக்கடி இறங்கும் பேட்டரி விரைவில் கெடும், ஆகவே நான் அதைத் தொடுவதில்லை.

ஹைப்ரிட் கார் வைத்திருப்பவர்கள், பெரிய பேட்டரி இருக்கிறதே என்று இருந்துவிட வேண்டாம். கேமரா மின்சாரம் எடுப்பது அந்தப் பெரிய பேட்டரியிலிருந்து அல்ல, தனியே இருக்கும் 12 வோல்ட் பேட்டரியிலிருந்துதான். அது தீர்ந்துவிட்டால், பெரிய பேட்டரி நிரம்பியிருந்தாலும் காரின் கணினி விழிக்காது.

கார் தினமும் ஓடாத வீடுகளில், அல்லது பேட்டரியைத் தொடவே விருப்பமில்லாதவர்களுக்கு, கேமராவுக்கென்று தனி பேட்டரிப் பெட்டி வைப்பது நல்லது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில் ஏறத்தாழ 77 வாட்-மணி கொண்ட பெட்டிகள் கிடைக்கின்றன. 4 வாட்டுக்கு அது பத்தொன்பது மணி நேரம் தாங்கும். என் இரவுப் பதினொரு மணி நேரத்துக்கு 44 வாட்-மணி போதும். காலைப் பயணம் முக்கால் மணி நேரமாவது இருந்து, பெட்டியும் ஃபியூஸ் வழியாக வேகமாகச் சார்ஜ் ஆகும்படி இணைக்கப்பட்டிருந்தால், அது அலுவலகம் போய்ச் சேருவதற்குள் மீண்டும் நிரம்பும். பெட்டிக்குச் சில நூறு வெள்ளி ஆகும். அதை இருக்கைக்கு அடியில், வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும்.

வெயில் என்றதும் இன்னொன்று. கேமராவுக்குள்ளேயே ஒரு சிறு மின்சேமிப்பு இருக்கும், மின்சாரம் நின்றதும் கடைசிக் கோப்பை முறையாக மூடுவதற்காக. சில மலிவான கேமராக்களில் அது லித்தியம் பேட்டரி. திறந்தவெளியில் நிறுத்திய காரின் முன்கண்ணாடிக்குப் பின்னால் ஆண்டு முழுவதும் வேகும்போது அது உப்பிவிடும். பேட்டரிக்குப் பதிலாகச் சூப்பர் கெப்பாசிட்டர் என்ற மின்தேக்கி உள்ளதையே வாங்குங்கள். அது சில நொடிகள்தான் தாங்கும், அந்த வேலைக்கு அவ்வளவு போதும். கேமராவின் கடிகாரம் தானே பழைய தேதிக்குப் போவதும், ஒவ்வொரு பயணத்தின் கடைசிக் கோப்பும் திறக்காமல் போவதும் உள் மின்சேமிப்பு தளர்ந்ததன் அடையாளங்கள்.

படத்தின் தரத்தைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. மின்சாரமும் கார்டும் எவ்வளவு இடம் தருகின்றன என்று தெரிந்த பிறகே எவ்வளவு தெளிவு தாங்கும் என்று சொல்ல முடியும். கேமரா எதைப் பதிய வேண்டும் என்பதில் நமக்குக் குழப்பமில்லை. நம்பர் பிளேட்டைப் படிக்க வேண்டும், அவ்வளவுதான். நீளமான பிளேட்டின் அகலம் அரை மீட்டர் அளவு. கேமரா கிடைமட்டத்தில் 110 பாகை பார்க்கிறது, படத்தின் அகலம் 1080பியில் 1920 புள்ளிகள். பத்து மீட்டர் தள்ளி இருக்கும் பிளேட் அதில் ஐம்பது புள்ளி அகலத்தில்தான் விழும். எட்டு எழுத்துகளுக்குப் பகிர்ந்தால் ஒன்றுக்கு ஆறு புள்ளி. 3க்கும் 8க்கும் வித்தியாசம் தெரியாத அளவு அது. 4கேயில் இருமடங்கு கிடைக்கும், படிக்க முடியும். இதிலிருந்தே இன்னொன்றும் புரியும். 'அகன்ற 170 பாகை' என்று பெருமையாக அச்சிட்ட கேமராவில் அதே புள்ளிகள் இன்னும் பரந்த காட்சிக்குப் பங்கிடப்படுகின்றன. அகலம் கூடக் கூட எழுத்து சிறுக்கும்.

ஆனால் இரவில் புள்ளிகளின் எண்ணிக்கை மட்டும் உதவாது. வெளிச்சம் குறைந்தால் கேமரா ஒவ்வொரு படத்துக்கும் ஒளியை வாங்கும் நேரத்தை நீட்டும், முப்பதில் ஒரு நொடி வரை. குறுக்கே மணிக்கு 20 கிலோமீட்டரில் போகும் கார் அந்த நேரத்தில் 18 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். பிளேட்டின் ஒரு எழுத்தே ஐந்து சென்டிமீட்டர் அகலம்தான், ஆகவே எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிடும். இதனால்தான் 4கே என்ற முத்திரையைவிட, குறைந்த வெளிச்சத்தில் நன்றாகப் பார்க்கும் உணரி முக்கியம் என்கிறேன். சோனியின் ஸ்டார்விஸ் 2 வகை உணரிகள் அதற்காகவே பெயர் பெற்றவை. பின்கேமராவுக்கு இந்தத் தேவை இன்னும் அதிகம். நிலப் போக்குவரத்து ஆணைய விதிப்படி பின்கண்ணாடி வழியே 25 விழுக்காடு வெளிச்சம் வந்தால் போதும், முன்கண்ணாடிக்கோ 70 விழுக்காடு வேண்டும். பின்கண்ணாடியில் அடர்ந்த ஃபில்ம் ஒட்டியிருந்தால், கேமராவுக்கு வந்து சேரும் வெளிச்சத்தில் முக்கால் பங்கு வழியிலேயே போய்விடும். கடையில் காட்டும் மாதிரிப் படங்கள் பெரும்பாலும் முன்கேமராவினுடையவை. பின்கேமராவின் இரவுப் படத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

பிளேட்டில் ஒரே ஒரு இலக்கம் மங்கிப் போனால் மனம் தளர வேண்டாம். சிங்கப்பூர் வாகன எண்ணின் கடைசி எழுத்து ஒரு சரிபார்ப்பு எழுத்து. மூன்றெழுத்து முன்னொட்டின் கடைசி இரண்டு எழுத்துகளை அகரவரிசை எண்களாக்கி, அவற்றையும் நான்கு இலக்கங்களையும் முறையே 9, 4, 5, 4, 3, 2 ஆல் பெருக்கிக் கூட்டி, 19 ஆல் வகுத்தால் வரும் மீதியே அந்த எழுத்தைத் தீர்மானிக்கிறது. 19 பகா எண் என்பதால், ஒரு இலக்கம் மட்டும் தெரியாதபோது பொருந்தும் விடை ஒன்றே ஒன்றுதான் இருக்கும். கடைசி இலக்கம் 3ஆ 8ஆ என்று சந்தேகம் வந்தால், 3க்கு 6ம் 8க்கு 16ம் கூட்டுத்தொகையில் சேரும். மீதி பத்து எண்ணிக்கை மாறும், எழுத்தும் மாறும். ஆகவே முழு எண்ணும் தெளிவாக இல்லாவிட்டாலும் கடைசி எழுத்து தெளிவாக இருக்கும் காட்சியை எறிந்துவிடாதீர்கள்.

இந்தக் கணக்கையெல்லாம் போட்டுப் பார்த்த பின் எங்கள் காரில் செய்த மாற்றம் சிறியது. கேமராவை மாற்றவே இல்லை. கார்டை 256 கிகாபைட்டாக, இடைவிடாத பதிவுக்கென்றே செய்யப்படும் 'ஹை என்டியூரன்ஸ்' வகையாக மாற்றினேன். சாதாரண கார்டுகள் ஓயாமல் எழுதி அழிப்பதில் சீக்கிரம் தேய்ந்து, இடையிடையே கோப்புகளை விட்டுவிடும். ஓட்டும்போது பழைய தரமே, பார்க்கிங் மோடில் மட்டும் இரண்டு கேமராவும் சேர்ந்து நொடிக்கு 7 மெகாபிட். நிற்கும் காரின் முன் காட்சி அதிகம் மாறுவதில்லை என்பதால் இந்தக் குறைந்த அளவிலும் படம் கெடவில்லை. ஒரு நாளில் நிற்கும் நேரத்துக்கு 71 கிகாபைட், ஓடும் நேரத்துக்கு 22. கார்டு இரண்டரை நாளைத் தாங்குகிறது. விபத்தைக் காப்புறுதி நிறுவனத்துக்கு 24 மணி நேரத்துக்குள் அல்லது அடுத்த வேலை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது நம் விதி. வெள்ளி இரவு நடந்ததை ஞாயிறு காலையில் பார்த்தாலும் காட்சி இருக்கும் என்பது எனக்குப் போதுமான இடைவெளி.

மனைவியிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். காரில் புதிதாக ஒரு கீறலைக் கண்டால் எஞ்சினை இயக்குவதற்கு முன் கேமராவை அணைத்து கார்டைக் கழற்றிவிட வேண்டும். ஓட்டத் தொடங்கினால் மணிக்கு 14 கிகாபைட் வேகத்தில் அழிவு தொடங்கும். வேறொரு கார்டு முன்னிருக்கைப் பெட்டியில் இருக்கிறது, அதைப் போட்டுக்கொண்டு கிளம்பலாம்.